பற்றும் வரவும் ஒரே நிரலில் விழுந்த ஸ்டேட்மென்ட்: மீதியை வைத்துக் குறி போட்ட வேலை

ஹட்டனில் இருந்தபடி நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன வியாபாரிகளில் ஒருவர் கந்தப்பளைப் பக்கத்து மரக்கறி முதலாளி. விவசாயிகளிடம் கரட், லீக்ஸ், கோவா வாங்கி, லொறியில் தம்புள்ளைக்கும் பேலியகொடை மெனிங் சந்தைக்கும் அனுப்புகிறவர். விவசாயிகளுக்குக் காசோலை முதலில் போய்விடும். சந்தைக்காரர்கள் காசு போடுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். அதனால் அவருடைய நடைமுறைக் கணக்கு மாதத்தில் பல நாள் மேலதிகப்பற்றில், அதாவது மீதி பூச்சியத்துக்குக் கீழே போய்க் கிடக்கும். இந்த வேலையில் எல்லாச் சிக்கலும் வந்தது அந்த மேலதிகப்பற்றால்தான்.

2025 ஜூலை மாதத்து ஸ்டேட்மென்ட் என் கைக்கு வந்தது எக்செல் கோப்பாக. வங்கிக் கிளையில் கொடுத்த அச்சுத் தாளை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் செய்து, அங்கேயே எக்செலாக மாற்றி வாங்கியிருக்கிறார்கள். முதலாளியின் மருமகன் அதைக் கொஞ்சம் துப்புரவாக்கியும் வைத்திருந்தார். திறந்து பார்த்தால் இப்படி இருந்தது:

```
01/07/2025  B/F                         14,320.50
02/07/2025  CHQ 004512     40,000.00    25,679.50
02/07/2025  CASH DEP       10,000.00    15,679.50
03/07/2025  CHQ 004513     18,750.00    34,429.50
04/07/2025  CEFT INWARD    86,400.00    51,970.50
04/07/2025  CHQ DEP        45,000.00    96,970.50
04/07/2025  CEFT OUTWARD   30,000.00    66,970.50
04/07/2025  CEFT CHARGE        25.00    66,945.50
07/07/2025  CHQ RTN        45,000.00    21,945.50
```

இது மாதத்தின் முதல் வாரம் மட்டும். இலக்கங்களையும் விவரங்களையும் மாற்றித்தான் போட்டிருக்கிறேன், ஆனால் கோளாறு அப்படியே இருக்கிறது. தாளில் பற்றுக்கு ஒரு நிரல், வரவுக்கு ஒரு நிரல், மீதிக்கு ஒரு நிரல் என்று மூன்று இருந்தன. எக்செலில் இரண்டுதான். "தம்பி, இதில் காசு வந்ததா போனதா என்றே விளங்கவில்லை" என்றார் முதலாளி. எனக்கு வேண்டியது ஒரே ஒரு தொகை நிரல். வந்தது கூட்டல், போனது கழித்தல். அது இருந்தால் காசேட்டோடு ஒப்பிட்டு வங்கி இணக்கக்கூற்றை எழுதிவிடலாம்.

இரண்டு நிரலும் ஏன் ஒன்றாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு வரியிலும் பற்று, வரவு இரண்டில் ஒன்று வெறுமையாகத்தான் இருக்கும். தாளிலோ பிடிஎஃப்பிலோ அந்த வெறுமைக்கென்று ஒரு பெட்டி கிடையாது, வெள்ளை இடம் மட்டும்தான். எழுத்தை உருவி எடுக்கும் மென்பொருள், அடுத்து வரும் இலக்கத்தை அடுத்த பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. வரவு நிரலில் இருந்த தொகையும் இடப்பக்கம் நகர்ந்து பற்று நிரலில் உட்கார்ந்துவிடும்.

வங்கி மின்னஞ்சலில் அனுப்பிய மூலப் பிடிஎஃப் கையில் இருந்தால் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. அந்த வெள்ளை இடத்தைக் காப்பாற்றியே எழுத்தை எடுக்க ஒரு கட்டளை இருக்கிறது:

```
pdftotext -layout july.pdf july.txt
```

அதில் தொகைகள் வலப்பக்கம் ஒட்டியிருக்கும். எனவே இலக்கம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் எங்கே முடிகிறது என்று பார்த்தால் எது பற்று, எது வரவு என்று தெரிந்துவிடும். ஸ்கேன் செய்த தாள் வெறும் படம் என்பதால் இந்தக் கட்டளை அதில் ஒன்றையும் எடுக்காது. எனக்கு வந்தது அந்த வகைதான்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது விவரத்தைப் படித்துக் குறி போடுவது. CASH DEP என்றால் வரவு, CEFT CHARGE என்றால் பற்று. இந்த இரண்டிலும் சந்தேகமே இல்லை. ஆனால் மேலே CHQ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். 004512 நாம் எழுதிக் கொடுத்த காசோலை, அது பற்று. CHQ DEP நாம் வைப்பிலிட்டது, அது வரவு. CHQ RTN இருக்கிறதே, அது இரண்டு பக்கமும் பேசும். நாம் வைப்பிலிட்ட காசோலை திரும்பினால், கொடுத்த காசை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். நாம் எழுதிக் கொடுத்தது திரும்பினால், எடுத்த காசை வங்கி திரும்பப் போடும். எழுத்து ஒன்றுதான், குறி எதிரெதிர். நூற்றுக்கணக்கான வரிகளில் விவரத்தை நம்பிக் குறி போடுவது எனக்குப் பிடித்த வேலை இல்லை.

மீதி அப்படி இரண்டு பக்கம் பேசாது. ஒரு வரியின் மீதியிலிருந்து அதற்கு முந்திய வரியின் மீதியைக் கழித்தால் வருவதுதான் அந்தக் கொடுக்கல் வாங்கல், குறியோடு சேர்த்து. இதுவரை பலருக்கும் தெரியும். பலர் அந்த வித்தியாசத்தையே தொகை நிரலாக எடுத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வித்தியாசத்திலிருந்து குறியை மட்டும் எடுக்க வேண்டும். தொகையை அச்சிட்ட தொகை நிரலிலிருந்தே எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு வரியிலும் இரண்டு சாட்சி கிடைக்கும், ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று விசாரிக்க முடியும். வித்தியாசத்தையே தொகையாக எடுத்தால் விசாரிக்க ஆளே இல்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். நான் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் செய்தேன். எக்செலிலும் இதே சூத்திரங்கள் ஓடும்.

முதல் வேலையாக A நிரலில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டேன். மீதியை நம்பிச் செய்யும் வேலை இது, வங்கி அச்சிட்ட ஒழுங்கு கலைந்தால் எல்லாம் போச்சு. யாராவது திகதிப்படி ஒழுங்குபடுத்தப் போய், ஒரே நாளின் நான்கு வரிகள் இடம் மாறிவிட்டால், வரிசை எண் இல்லாமல் பழைய ஒழுங்குக்குத் திரும்ப வழியில்லை. B திகதி, C விவரம், D தொகை, E மீதி. இரண்டாவது வரியில் முன்னிருந்து கொண்டுவந்த மீதியான B/F, மூன்றாவது வரியிலிருந்து கொடுக்கல் வாங்கல்.

அடுத்தது இலக்கத்தை இலக்கமாக்குவது. ஸ்கேனிலிருந்து வந்த தொகைகள் பார்வைக்கு இலக்கம், உண்மையில் எழுத்து. பெட்டியில் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது எழுத்து என்று அர்த்தம். கமாவை எடுக்க வேண்டும். அதோடு, கண்ணுக்கு இடைவெளி போலவே தெரியும் வேறொரு எழுத்து சில நேரம் ஒட்டிக்கொண்டு வரும், அதன் எண் 160. TRIM அதைத் தொடாது. அதனால் முதலில் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டு TRIM போட வேண்டும். F3 பெட்டியில் துப்புரவான தொகை:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(D3,",",""),UNICHAR(160)," ")))
```

G நிரலில் துப்புரவான மீதி. மேலதிகப்பற்றில் இருக்கும் மீதிக்குப் பின்னால் வங்கி DR என்று போடும், அது இருந்தால் கழித்தல் குறி வர வேண்டும்:

```
=IF(ISNUMBER(SEARCH("DR",E3)),-1,1)*VALUE(TRIM(
SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
UPPER(E3),"DR",""),"CR",""),",",""),UNICHAR(160)," ")))
```

இதையே G2 பெட்டியிலும் E2 என்று மாற்றிப் போட வேண்டும், B/F மீதி அங்கேதான் இருக்கிறது. சில வங்கிகள் DR போடாமல் இலக்கத்துக்குப் பின்னால் கழித்தல் கோடு போடும், சில அடைப்புக்குறிக்குள் போடும். உங்கள் தாளில் எது என்று பார்த்து SEARCH, SUBSTITUTE இரண்டிலும் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்று சின்னச் சூத்திரங்கள். H வித்தியாசம், I குறியிட்ட தொகை, J முரண்:

```
H3:  =ROUND(G3-G2,2)
I3:  =SIGN(H3)*F3
J3:  =ROUND(H3-I3,2)
```

ROUND இல்லாமல் விட்டால் சதத்தில் ஒன்றுமில்லாத வித்தியாசங்கள் 0.00000000001 என்று வந்து நின்று, ஒத்துப்போகிற வரியையும் ஒத்துப்போகவில்லை என்று காட்டும். எல்லாவற்றையும் கீழே வரை இழுத்துவிட்டேன். J நிரல் முழுக்கப் பூச்சியமாக இருந்தால் இரண்டு சாட்சியும் ஒத்துப்போகிறது என்று பொருள்.

என்னுடையதில் முதல் வாரத்தில் இரண்டு வரிகள் முரண்பட்டன:

```
                 F            H            J
CHQ 004512    40,000.00    11,359.00   -28,641.00
CASH DEP      10,000.00   -10,000.00         0.00
CHQ 004513    18,750.00    18,750.00         0.00
CEFT INWARD   86,400.00    17,541.00   -68,859.00
CHQ DEP       45,000.00    45,000.00         0.00
```

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். முரண்பட்ட இரண்டு வரிகளும் பெரிய ஆபத்து இல்லை, அவைதான் கையை உயர்த்திக் காட்டிவிட்டனவே. ஆபத்து நடுவில் உள்ள இரண்டில். CASH DEP வரியில் பத்தாயிரம் ரூபா கழித்தல் என்று வந்திருக்கிறது. வங்கியில் காசைக் கட்டினால் எப்படிக் கழியும்? CHQ 004513 கூட்டலாக வந்திருக்கிறது, விவசாயிக்கு எழுதிக் கொடுத்த காசோலை எப்படி வரவாகும்? ஆனால் J இரண்டிலும் பூச்சியம். சோதனை சரி என்கிறது, குறி தலைகீழ்.

காரணம், DR காணாமல் போயிருந்தது. அச்சுத் தாளில் DR என்பது மீதிக்குப் பக்கத்தில் ஒடுக்கமான தனி நிரலில் இருந்திருக்கிறது. மாற்றும்போது அது ஐந்தாவது நிரலாக வந்து விழுந்திருக்கிறது. மருமகன் அதை ஏதோ குப்பை என்று எண்ணி நிரலோடு அழித்துவிட்டார். கணக்கு உண்மையில் 25,679.50 மேலதிகப்பற்றுக்குப் போய், பத்தாயிரம் கட்டியதால் 15,679.50 மேலதிகப்பற்றுக்குக் குறைந்திருக்கிறது. குறி இல்லாமல் பார்த்தால் மீதியே குறைந்த மாதிரி தெரியும். தொகையின் அளவு ஒத்துப்போகும், பக்கம் மட்டும் மாறும். பூச்சியத்தைத் தாண்டும் வரிகளில் மட்டும்தான் அளவும் ஒத்துப்போகாது.

அந்தத் தாண்டும் வரியைக் கண்டுபிடிக்க ஒரு லேசான அடையாளம் இருக்கிறது. முரண்பட்ட வரியின் மீதியையும் அதற்கு முந்திய மீதியையும் கழிக்காமல் கூட்டிப் பாருங்கள். 14,320.50 உடன் 25,679.50 கூட்டினால் சரியாக 40,000.00. அடுத்த முரணில் 34,429.50 உடன் 51,970.50 கூட்டினால் 86,400.00. கூட்டுத்தொகை அந்த வரியின் தொகையோடு சதம் பிசகாமல் ஒத்துப்போனால், அங்கே கணக்கு பூச்சியத்தைத் தாண்டியிருக்கிறது. முதல் தாண்டல் வரியிலிருந்து இரண்டாவது தாண்டலுக்கு முந்திய வரி வரை உள்ள மீதிகள் எல்லாம் ஒரே பக்கம். தொடக்க மீதி நேர்மீதி என்று தெரிந்தால், அந்த நடுப்பகுதி முழுக்க DR.

தாளைக் கொண்டுவரச் சொல்லி, மூன்று மீதிகளுக்கு DR போட்டதும் அந்த வாரத்து J முழுக்கப் பூச்சியமானது. முதல் வாரத்துக்கு விடை இது:

```
02/07/2025  CHQ 004512     -40,000.00
02/07/2025  CASH DEP        10,000.00
03/07/2025  CHQ 004513     -18,750.00
04/07/2025  CEFT INWARD     86,400.00
04/07/2025  CHQ DEP         45,000.00
04/07/2025  CEFT OUTWARD   -30,000.00
04/07/2025  CEFT CHARGE        -25.00
07/07/2025  CHQ RTN        -45,000.00
```

மாதம் முழுக்கவே மேலதிகப்பற்றில் கிடந்த கணக்கு என்றால் இதைவிட மோசம். பூச்சியத்தைத் தாண்டும் வரியே இல்லை, முரணும் வராது, ஆனால் ஒவ்வொரு வரியின் குறியும் தலைகீழாக இருக்கும். எல்லாம் பச்சை விளக்கு, எல்லாம் பிழை. அதனால் நான் எப்போதும் வங்கிக் கட்டண வரி ஒன்றைத் தேடிப் பிடித்துப் பார்ப்பேன். CEFT CHARGE, காசோலைப் புத்தகக் கட்டணம், மேலதிகப்பற்று வட்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். வங்கி தன் கட்டணத்தை நமக்குத் தருவதில்லை. அந்த வரி கூட்டலாக நின்றால் மீதியின் குறி தலைகீழ் என்று முடிவு செய்துவிடலாம். கடன் அட்டை ஸ்டேட்மென்டிலும் இதே கதைதான். அங்கே மீதி என்று அச்சிடுவது நாம் கட்ட வேண்டிய கடன் என்பதால், மீதி கூடினால் காசு போனது என்று பொருள்.

முரண் வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. முரண் எந்த உருவத்தில் வருகிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். ஸ்கேனில் இலக்கத்தைப் பிழையாகப் படித்திருந்தால், பிழை தொகையிலா மீதியிலா என்பதைப் பொறுத்து வேறு வேறு மாதிரித் தெரியும். தொகையில் பிழை என்றால் அந்த ஒரு வரி மட்டும் முரண்படும். மீதியில் பிழை என்றால் அந்த வரியும் அதற்கு அடுத்த வரியும் சேர்ந்து முரண்படும், ஏனென்றால் அந்த மீதி இரண்டு கழித்தலில் கலந்துகொள்கிறது. இரண்டு முரணும் ஒரே அளவில் எதிரெதிர்க் குறியோடு நிற்கும், கூட்டினால் பூச்சியம். அந்த மாதத்தின் பிற்பகுதியில் அப்படி ஒரு சோடி வந்தது, 500.00 உம் -500.00 உம். முதல் வரியின் மீதியில் 3 இருந்த இடத்தில் 8 என்று படித்திருந்தது. 3, 8 குழப்பம் வந்தால் முரண் 5, 50, 500, 5,000 என்று ஐந்தில் வந்து நிற்கும். தாளில் எந்த இடத்தைப் பார்ப்பது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு வரி முழுதாகக் காணாமல் போயிருந்தால் அதற்கு அடுத்த வரி மட்டும் முரண்படும். பெரும்பாலும் பக்கம் திரும்பும் இடத்தில்தான் இது நடக்கும், தாளின் கடைசி வரியை ஸ்கேனர் வெட்டிவிடும். அப்போது J காட்டும் தொகைதான் பொதுவாகக் காணாமல் போன வரியின் தொகை. பொதுவாக என்று சொல்வதற்குக் காரணம், காணாமல் போன தொகை பெரிதாக இருந்தால் H நிரலின் குறியே மாறி, இருக்கிற வரியின் குறியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் முரண் உள்ள வரியில் I நிரல் சொல்லும் குறியை நம்பக்கூடாது. முரணைத் தீர்த்த பிறகுதான் அந்தக் குறிக்கு மதிப்பு.

பக்கத் தலைப்பில் மறுபடியும் வரும் B/F வரிகளை அழித்துவிடலாம். அழிக்கும் முன் அதன் மீதி முந்திய பக்கத்துக் கடைசி மீதியோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் நடுவில் ஒரு பக்கமே விடுபட்டிருக்கிறது.

இணைய வங்கிச் சேவையிலிருந்து இறக்கிய ஸ்டேட்மென்ட் பல நேரம் புதியது மேலே, பழையது கீழே என்று இருக்கும். மேலே உள்ள சூத்திரத்தை அதில் அப்படியே போட்டால் கிட்டத்தட்ட எல்லா வரியும் முரண்படும். பதறத் தேவையில்லை. H நிரலில் உள்ள தொகைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு வரி மேலே உள்ள தொகையோடு அளவில் ஒத்துப்போய், குறி மட்டும் எதிராக இருக்கும். அதைக் கண்டதும் வரிசை எண்ணைக் கொண்டு தலைகீழாக ஒழுங்குபடுத்தினால் போதும்.

இதற்குள் முதலாளி இன்னொரு வங்கியில் இருக்கும் தன் சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்டையும் கொண்டுவந்து வைத்தார். ஜூலை மழையில் நனைந்து, தாள் லயத்துத் தகரம் மாதிரி அலை அலையாக மடிந்திருந்தது. அதிலும் இரண்டு நிரலும் ஒன்றாகிவிட்டன. கூடுதலாக, அந்த வங்கி ஒவ்வொரு வரிக்கும் மீதி போடவில்லை, நாளின் கடைசி வரியில் மட்டும்தான் போட்டிருந்தது. முந்திய நாள் மீதி 112,640.00. அன்றைய வரிகள்:

```
CEFT INWARD    42,000.00
ATM WDL        20,000.00
CEFT INWARD    28,500.00
CASH DEP       20,000.00
CEFT CHARGE        25.00    183,115.00
```

ஐந்து வரிக்கு ஒரே மீதி. ஒவ்வொன்றுக்கும் கூட்டலா கழித்தலா என்று போட்டுப் பார்த்தால் முப்பத்திரண்டு விதம் வரும். அப்படியெல்லாம் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. அன்றைய தொகைகளைக் குறி பார்க்காமல் கூட்டினால் 110,525.00. மீதி உயர்ந்தது 70,475.00. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 40,050.00, அதில் பாதி 20,025.00. இதுதான் அன்றைய மொத்தப் பற்று. குறி பார்க்காத கூட்டுத்தொகை என்பது வரவும் பற்றும் சேர்ந்தது, மீதியின் உயர்வு என்பது வரவிலிருந்து பற்றைக் கழித்தது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பற்று இரண்டு தடவை மிஞ்சும், அதனால்தான் பாதி.

இனி 20,025.00 எந்தத் தொகைகளால் ஆனது என்று பார்த்தால் போதும். 20,000 உம் 25 உம்தான், வேறு வழியில்லை. ஆனால் இருபதாயிரம் இரண்டு இருக்கின்றன. இந்த இடத்தில் கணக்கு கைவிரித்துவிடும், விவரத்தைத்தான் கேட்க வேண்டும். ATM என்றால் எடுத்தது, CASH DEP என்றால் கட்டியது, முடிந்தது. இப்படி விவரத்தைப் பார்த்துத் தீர்த்த வரிகளை மஞ்சள் நிறத்தில் அடையாளப்படுத்தி வைப்பேன், மற்றவை மீதியால் நிரூபிக்கப்பட்டவை, இவை என் வாசிப்பு. பாதியாக வரும் தொகை கழித்தலில் போனாலோ, அரைச் சதத்தில் வந்து நின்றாலோ, எந்தத் தொகைகளைச் சேர்த்தும் அதை எட்ட முடியாவிட்டாலோ, அந்த நாளில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது அல்லது ஒரு இலக்கம் பிழையாகப் படிக்கப்பட்டிருக்கிறது.

சேமிப்புக் கணக்கில் வட்டி வரும் நாளுக்கும் இதே முறைதான். வட்டி வரவாக ஒரு வரி, அதில் பிடித்த வருமான வரி பற்றாக இன்னொரு வரி. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அதற்கு முன் 5 சதவீதம். அவருடையதில் வட்டி 1,842.60, பிடித்தது 184.26. சின்னது பெரியதில் பத்தில் ஒன்றாக நின்றால் சின்னதுதான் பற்று என்று மீதியைப் பார்க்கும் முன்பே சொல்லிவிடலாம். இரண்டையும் சேர்த்து 1,658.34 என்று ஒரே வரியாக்கிவிடாதீர்கள். வருமான வரி விபரத்திரட்டில் முழு வட்டியையும் காட்டி, பிடித்த வரியைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

கடைசிச் சோதனை பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தொடக்க மீதியோடு வித்தியாசங்களை எல்லாம் கூட்டினால் இறுதி மீதி வருகிறது, ஆகவே சரி என்று சிலர் திருப்திப்படுகிறார்கள். அது ஒன்றையும் நிரூபிப்பதில்லை. H நிரலே மீதிகளைக் கழித்துச் செய்தது, அதைக் கூட்டினால் நடுவில் உள்ளது எல்லாம் வெட்டுப்பட்டு இறுதி மீதியில் தொடக்க மீதி போனதுதான் மிஞ்சும். நடுவில் பத்து வரி காணாமல் போயிருந்தாலும் அது ஒத்துப்போகும். பல ஸ்டேட்மென்டுகளின் அடியில் மொத்தப் பற்று, மொத்த வரவு என்று இரண்டு தொகை அச்சிட்டிருக்கும். அதுதான் வெளியிலிருந்து வரும் சாட்சி. அதோடு ஒப்பிட I நிரலைக் குறிப்படி தனித்தனியே கூட்ட வேண்டும்:

```
=SUMIF(I3:I10,">0")
=SUMIF(I3:I10,"<0")
```

மேலே காட்டிய எட்டு வரிகளுக்கு வரவு 141,400.00, பற்று -133,775.00. முதலாளியின் ஸ்டேட்மென்டில் மாதம் முழுக்க உள்ள தொகைகள் அடியில் அச்சிட்டதோடு இரண்டு பக்கமும் ஒத்துப்போயின. வரவு ஒத்துப்போய்ப் பற்று மட்டும் குறைந்தால் ஒரு பற்று வரி விடுபட்டது. ஒன்று கூடி மற்றது அதே அளவு குறைந்தால் ஒரு வரியின் குறி மாறியிருக்கிறது, மாறியது எந்தத் தொகை என்பதும் அந்த அளவுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். வங்கி பற்று என்று சொல்வது வங்கியின் புத்தகப்படி. நம் காசு வங்கிக்குக் கடன், அது குறைந்தால் வங்கி பற்று வைக்கும். நம் காசேட்டில் அதே கொடுக்கல் வாங்கல் வரவுப் பக்கம் போகும். மருமகன் தனியாக எழுதி வைத்திருந்த கொப்பியில் இந்த இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி இருந்தன. குறியிட்ட நிரல் வந்த பிறகு அந்த வாக்குவாதமே இல்லை. காசேட்டின் வங்கி நிரலையும் அதே மாதிரி, வந்தது கூட்டல், போனது கழித்தல் என்று மாற்றிப் பக்கத்தில் வைத்தேன். சந்தையிலிருந்து வந்து திரும்பிய 45,000 ரூபாக் காசோலை ஸ்டேட்மென்டில் கூட்டலாகவும் கழித்தலாகவும் இரண்டு தடவை இருந்தது, காசேட்டில் கூட்டலாக மட்டும். "அண்ணே, இந்தக் காசோலை திரும்பினது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது. பேலியகொடைக்கு அப்போதே போன் எடுத்தார்.

கோப்பை ஒப்படைக்கும் முன் I நிரலை நகலெடுத்து, பெறுமதி மட்டும் ஒட்டும் முறையில் புதிய தாளில் ஒட்டினேன். சூத்திரத்தோடு கொடுத்தால் யாராவது ஒரு வரியை அழித்ததும் அதற்கு அடுத்த வரியின் குறி பிழையாகிவிடும். திகதியை 2025-07-02 என்ற வடிவத்துக்கு மாற்றினேன். 02/07/2025 என்று விட்டால் அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி அதைப் பெப்ரவரி 7 என்று எடுத்துக்கொள்ளும். 12ஆம் திகதிக்குப் பிந்தியவை மட்டும் எழுத்தாகவே நின்றுவிடும், பாதித் திகதி மாறிப் பாதி மாறாமல் கிடக்கும். வரிசை எண், திகதி, விவரம், குறியிட்ட தொகை, மீதி என்று ஐந்து நிரலோடு சிஎஸ்வியாகச் சேமித்தேன். சூத்திரங்கள் உள்ள மூலத் தாளை, வங்கியின் அச்சுத் தாளின் ஸ்கேனோடு சேர்த்து, என்னிடம் வைத்துக்கொண்டேன்.